ஒரு விரல் தாழ்ந்த தோள்

ஆணியில் ஒரு கோட் தொங்குகிறது. பழுப்பு நிறக் கம்பளிக் கோட். வெளியே ஐப்பசி மழை. சன்னல் வழியாக வருகிற சாம்பல் வெளிச்சம் முதலில் அதன் தோளில் இறங்குகிறது. அப்புறம்தான் கடைக்குள் வருகிறது.

உள்ளே ஆள் இல்லை. ஆனாலும் ஆள் நிற்கிற மாதிரியே தொங்குகிறது. தொந்தி இருந்த இடத்தில் துணி இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டிருக்கிறது. முழங்கை மடிந்த இடத்தில் மடிப்பு அப்படியே இருக்கிறது.

இன்னாசி அதைப் பார்க்கக் கூடாது என்று முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முதுகுக்கும் கண் இருக்கிறதே, என்ன செய்ய.

குன்னூர் பஜாரில் படியிறங்குகிற இடத்தில் அவர் கடை. கீழே கடை, மேலே வீடு. மலையில் குளிர் இருக்கிறவரை கோட் இருக்கும், கோட் இருக்கிறவரை இன்னாசி மாஸ்டருக்கு வேலை இருக்கும். கல்யாண மாப்பிள்ளைகள், எஸ்டேட் அதிகாரிகள், கோயில் கமிட்டிக்காரர்கள் என்று எத்தனை தோள்களை அவர் டேப் தொட்டிருக்கிறது. அவர் மட்டும் எப்போதும் போல அரைக்கைச் சட்டையும் அதன்மேல் மனைவி பிலோமினா பின்னிக் கொடுத்த சாம்பல் ஸ்வெட்டரும்.

கோட் பார்சலில் வந்தது. சிம்லாவிலிருந்து. கோட்டின் மார்புப் பக்கம் மடித்து வைத்த கடிதம் ஒன்று. நல்ல கையெழுத்து. பொறுமையாக எழுதிய கையெழுத்து. முதல் எரிச்சல் அங்கேயே வந்துவிட்டது.

"அன்புள்ள இன்னாசி மாஸ்டர் அவர்களுக்கு, வணக்கம். என் பெயர் இளவழகன். எஸ்டேட் ஹெட் கிளார்க் துரைக்கண்ணுவின் மகன். அப்பா சித்திரையில் காலமானார். இது நீங்கள் அவருக்குத் தைத்த கோட். இதை எனக்கு அளவாக்கித் தர வேண்டும். இங்கே பனி விழுவதற்குள் போட்டுக்கொள்ள ஆசை."

துரைக்கண்ணு. இன்னாசிக்கு முகம் அப்புறம்தான் வந்தது. முதலில் உடம்பு வந்தது. மார்பு நாற்பத்திநாலு, இடுப்பு நாற்பத்திமூணு, தோள் பதினெட்டரை. வாசலில் நுழையும்போதே தொந்தி முன்னால் வந்து "மாஸ்டர் இருக்காரா?" என்று கேட்கும். மனுசன் பின்னாலேயே சிரித்துக்கொண்டு வருவார்.

போய்விட்டாரா. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். மேலே படித்தார்.

"அப்பா பருமன். நான் ஒல்லி. எனக்கு மார்பு நாற்பது, இடுப்பு முப்பத்தியாறு, தோள் பதினேழரை. கை நீளம் இருபத்திநாலு. இதில் அப்பாவும் நானும் ஒன்று. எனவே கையின் நீளத்தைத் தொட வேண்டாம். உயரமும் ஒன்றுதான், கீழ்ப் பட்டியைப் பிரிக்க வேண்டாம்.

"அப்பாவுக்கு வலது தோள் ஒரு விரல் தாழ்ந்திருக்கும். அது தெரியாமல் இருக்க நீங்கள் அந்தப் பக்கம் தடித்த பஞ்சு பேட் வைத்துத் தந்ததாக அப்பா பெருமையாகச் சொல்வார். எனக்கும் அதே தோள்தான் தாழ்வு. அந்த பேடை அப்படியே விட்டுவிடுங்கள்.

"இடது பாக்கெட்டுக்குள் கொஞ்சம் மூக்குப்பொடி வாசம் இருக்கும். அந்தப் பாக்கெட்டை மட்டும் துவைத்துவிட வேண்டாம். மன்னிக்கவும், சின்ன விஷயம்தான்."

இன்னாசி கடிதத்தை மடித்தார். பிரித்தார். திரும்ப மடித்தார்.

பொறாமை வந்தது. ஒளித்துச் சொல்ல என்ன இருக்கிறது? பொறாமைதான். நெஞ்சுக்குள் இஸ்திரிப் பெட்டியை வைத்த மாதிரி சுருக்கென்று வந்தது. அதுவும் யார்மேல்? செத்துப் போன ஒரு மனுசன்மேல்.

கேட்கிறான் பாருங்கள். அப்பன் போட்ட பழைய கோட்டை, மூக்குப்பொடி வாசத்தோடு, நாட்டின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் பார்சல் போட்டுக் கேட்கிறான்.

இன்னாசிக்கும் ஒரு மகன் இருக்கிறான். ஆல்வின். தூரத்தில் இல்லை, பக்கத்தில்தான். வெலிங்டனில் வாடகை வீடு, பஜாரில் ஸ்கேன் சென்டரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மாவைப் பார்க்க வருவான். மேலே போவான், சாப்பிடுவான், இறங்குவான். கடை வழியாகத்தான் போகணும். "வரேன்" என்பான். "ம்" என்பார். அவ்வளவுதான் அப்பனுக்கும் மகனுக்கும் பேச்சு.

ஆல்வின் கல்யாணத்துக்குக் கோட் போட்டுக்கொண்டான். இன்னாசி தைத்த கோட் இல்லை. கோயம்புத்தூரில் பெரிய கடையில் வாங்கின ரெடிமேட் கோட். ஊரில் பாதி மாப்பிள்ளைகளை மேடையில் ஏற்றின டெய்லர், சொந்த மகன் மேடையில் நின்றபோது முதல் வரிசையில் உட்கார்ந்து, காலர் கழுத்தைவிட்டு ஒரு விரல் எழும்பி நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் எல்லாம் கையைப் பிடித்து, "மாஸ்டர், உங்க வேலையாச்சே, சும்மாவா!" என்றார்கள். அவரும் தலையை ஆட்டினார். வேறு என்ன செய்வார்? அந்தக் காலர் இன்றைக்கும் அவர் கண்ணுக்குள் எழும்பித்தான் நிற்கிறது.

அந்தக் கல்யாணத்துக்கென்று வாங்கி வைத்த நீலத் துணி அலமாரியில் கிடக்கிறது. வெட்டாத துணி. பிலோமினா வருஷத்துக்கொரு தடவை எடுத்து உதறி, அந்துருண்டை மாற்றி, திரும்ப உள்ளே வைத்துவிடுவாள்.

இப்போது சிம்லாக்காரன் கேட்கிறான். ஆணியில் கோட் தொங்குகிறது.

முடியாது என்று எழுதிவிடலாம். துணி இற்றுப்போய்விட்டது தம்பி, பிளேடு பட்டால் தாங்காது, அப்பா நினைவாக அப்படியே பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நாலு வரி. யார் வந்து கேட்கப் போகிறார்கள்? மனசுக்குள் கடிதம் முழுவதும் எழுதியாயிற்று. விலாசம்கூட எழுதியாயிற்று.

அப்புறம் எழுந்து போய்க் கோட்டின் விளிம்பை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். கனமான, சிணுங்காத துணி. இன்னும் ஒரு ஆயுசுக்குத் தாங்கும். மனுசரைப் பற்றிப் பொய் சொல்லலாம், துணியைப் பற்றி அவருக்குச் சொல்ல வரவில்லை. சனியனே என்று கோட்டைத் திட்டிக்கொண்டே மேசையில் விரித்தார்.

பிரித்தார்.

முதலில் உள்ளே லைனிங். அடிப்பக்கம் கையால் போட்ட தையலை பிளேடு நுனியால் ஒவ்வொன்றாக அறுத்தார். லைனிங் விலகியதும் கோட்டின் உள்பக்கம் தெரிந்தது. கேன்வாஸ், பேட், அவரே எப்போதோ போட்ட தையல்கள். கண் நல்லாயிருந்த காலத்துத் தையல். அதைப் பார்த்தும் ஒரு பொறாமை வந்தது, போங்கள்.

கைகள் இரண்டையும் கழற்றினார். கையில்லாத கோட் பாவமாகத்தான் கிடந்தது. காலரைத் தூக்கினார். காலருக்கு அடியில் துணி இன்னும் புது நிறம். வெயில் படாத, மழை படாத, டிகாஷன் நிறம். மேலே எல்லாம் வெளுத்திருக்கிறது. இத்தனை வருஷமும் அந்த இரண்டு விரல் அகலம் மட்டும் புதுசாகவே இருந்திருக்கிறது.

மார்பில் நாலு அங்குலம் குறைக்கணும். அத்தனையையும் ஒரே இடத்தில் பிடித்தால் கோட் கோணிக்கொள்ளும். பக்கத்துக்கு ஒன்றரை, முதுகு நடுத் தையலில் ஒன்று. அது சுலபம். இடுப்புதான் வம்பு. ஏழு அங்குலம். விலாப்பக்கமே முழுதும் பிடித்தால் பாக்கெட் இரண்டும் முதுகுப்பக்கம் ஓடிப் போகும். பையில் கைவிட சிம்லாக்காரன் பின்னால் தேட வேண்டியதுதான். அதனால் பக்கத்துக்கு இரண்டரை, முதுகில் ஒன்று, மீதியை முன்பக்கம் பாக்கெட்டுக்கு மேலே, ஆளுக்கு அரை அங்குலம், மெல்லிசாக ஒரு மடிப்புப் பிடித்து. சாக்பீஸ் கோடு போட்டார். துரைக்கண்ணுவின் தொந்தி மேசைமேல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது.

தோள் அதைவிட வம்பு. கைக்குழியில் அரை அரை அங்குலம் உள்ளே தள்ளணும். விலாவிலும் பிடித்திருப்பதால் குழி சின்னதாகும். கை அதில் பொருந்தாது, அதன் தலையையும் குறைக்கணும். முதுகு குறுகினால் காலர் நீளமாகிவிடும், அதையும் சுருக்கணும். ஒன்றைத் தொட்டால் எல்லாம் அசையும்.

ஆனால் எதையும் வெட்டவில்லை. பிடித்த துணியை வெட்டி எறிகிற டெய்லர் அவர் இல்லை. எல்லாவற்றையும் உள்ளேயே மடித்துவிட்டார். சிம்லாக்காரனுக்கும் ஒருநாள் தொந்தி போடாதா என்ன? போடட்டும். நல்லாப் போடட்டும். அப்படி நினைத்ததில் கொஞ்சம் வயிறு குளிர்ந்தது.

பெரிய பெரிய ஓட்டமாக வெள்ளை நூல் போட்டு எல்லாவற்றையும் தாற்காலிகமாகச் சேர்த்தார். அப்புறம் நின்றார். போட்டுப் பார்க்க ஆள் வேண்டுமே.

நம்பரை வைத்துத் தைத்துவிடலாம். ஆனால் கோட் நம்பரில் உட்காராது, ஆள்மேல்தான் உட்காரும். மார்பு நாற்பது, இடுப்பு முப்பத்தியாறு, தோள் பதினேழரை. ஊரில் யாருக்கு இந்த உடம்பு என்று யோசிக்கவே வேண்டியதில்லை. டேப் வைத்து அளந்ததே இல்லை, ஆனாலும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைதோறும் கடை வழியாகப் போகிற உடம்பு அது.

இதற்கா அவனைக் கூப்பிடுவது? அவனுக்குத் தைக்கிறதற்கு நிற்காதவன். இன்னொருத்தன் அப்பன் கோட்டுக்கு நிற்கணும்.

ஞாயிற்றுக்கிழமை மழை விடவில்லை. ஆல்வின் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தான். இன்னாசி அவனைப் பார்க்காமல் படியைப் பார்த்து, மேலே குரல் கொடுத்தார்.

"பிலோமி, உன் மவன்கிட்ட சொல்லு, ஒரு அஞ்சு நிமிஷம் இங்க நிக்கச் சொல்லு."

மேலிருந்து பிலோமினா சத்தம் போட்டாள். "அவன் உங்க முன்னாடிதானே நிக்கிறான்! நீங்களே சொன்னா வாயி வெந்துருமா?"

ஆல்வின் குடையை மூலையில் சாய்த்தான். நனைந்த ஜெர்கினைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு கண்ணாடி முன்னால் நின்றான். கையைப் பின்னால் நீட்டினான். இன்னாசி கோட்டை ஏற்றினார்.

உட்கார்ந்தது.

இன்னாசியின் இரண்டு கையும் மகன் தோள்மேல். எத்தனை நாள் ஆயிற்று என்று அவர் எண்ணவில்லை. சட்டைக்குள்ளிருந்து மழை ஈரமும் உடம்புச் சூடும் சேர்ந்து உள்ளங்கைக்கு வந்தது. கண்ணாடியில் ஆல்வின். இன்னொருத்தன் அப்பன் கோட்டில் எவ்வளவு அழகாக இருக்கிறான் ராஸ்கல்.

மறுபடியும் சுருக்கென்றது. என் மகன்மேல் உட்காருகிற கோட் துரைக்கண்ணு கோட்டா?

வலது தோள் மட்டும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றது. இடது பக்கம் லேசாக ஒரு சுருக்கம் விழுந்தது. இன்னாசி பார்த்தார். ஆல்வினுக்கு இடது தோள் ஒரு விரல் தாழ்வு. இதுநாள்வரை அவர் கவனித்ததே இல்லை. எங்கிருந்து வந்ததோ இது. பிலோமினாவின் அண்ணன் ஒருத்தன் இருக்கிறான், கோணல் தோள்காரன், அவன் வழியாகத்தான் வந்திருக்கும். எல்லாம் மாமன் வழி, அப்பன் வழியில் ஒன்றும் வராது போல. அதற்கும் மனசு கசந்தது.

கையும் முக்கால் அங்குலம் கட்டை. மணிக்கட்டு தெரிந்தது. இன்னாசி சாக்பீஸால் கோடு போட்டார். தோளில் ஒரு குறி, கையில் ஒரு குறி.

"போதுமா?" என்றான் ஆல்வின்.

"ம்."

அந்த வாரம் முழுக்க மழை. இன்னாசி அந்தக் கோட்டிலேயே கிடந்தார். வேறு கல்யாணக் கோட்கள் காத்திருந்தன, அவற்றை எல்லாம் தள்ளி வைத்தார். கை தானாக ஓடியது. வலது தோளைப் பிரித்து, தடித்த பேடை உருவி மேசை டிராயருக்குள் போட்டார். அந்தப் பக்கம் சன்னமான பேட். இடது பக்கம் கொஞ்சம் தடிப்பாக. கைகளின் அடிமடிப்பைப் பிரித்து, உள்ளே விட்டிருந்த துணியை முக்கால் அங்குலம் இறக்கினார். பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு தெரிந்தது. ஈரத்துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியை அழுத்தி, கோடு மங்குகிறவரை தேய்த்தார்.

ஏன் இப்படிச் செய்கிறோம் என்று ஒரு தடவைகூட அவருக்குத் தோன்றவில்லை. கடிதம் கத்தரிக்கோலுக்கு அடியில்தான் கிடந்தது. எடுத்துப் பார்க்கவில்லை. கை நிறைந்திருந்தது, மனசு நிறைந்திருந்தது. பாட்டு ஒன்றை முணுமுணுத்ததாகக்கூட பிலோமினா அப்புறம் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு. மழை கொஞ்சம் விட்டு, பனி கீழே இறங்கியிருந்தது. எதிர்க்கடை தெரியவில்லை. வெளிச்சம் பால் மாதிரி கடைக்குள் நின்றது.

இந்தத் தடவை கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஆல்வினே வந்து நின்றான். கோட்டை ஏற்றினார். கண்ணாடியில் பார்த்தார்.

குறை சொல்ல ஒன்றுமில்லை. தோள் இரண்டும் தண்ணீர் மட்டம் மாதிரி நேராக. காலர் கழுத்தோடு படிந்து. கை மணிக்கட்டில் வந்து நிற்க, உள்ளே சட்டை ஒரு கோடு வெளியே தெரிய. முதுகில் ஒரு சுருக்கம் கிடையாது. அந்தக் கல்யாணத்தன்று இப்படி நின்றிருக்கணும் இவன். இப்படித்தான் நின்றிருக்கணும்.

ஆல்வின் மேசையில் கிடந்த கடிதத்தை எடுத்தான். நின்றுகொண்டே படித்தான். இன்னாசி அவன் பின்னால் நின்று முதுகைத் தடவிக்கொண்டிருந்தார், நூல் எடுக்கிற சாக்கில்.

"அப்பா."

"என்ன?"

"அவருக்கு வலது தோள்தான் தாழ்வுன்னு எழுதியிருக்காரு."

"ம்."

"கை இருபத்திநாலு, தொட வேணாம்னும் எழுதியிருக்காரு." கையை நீட்டிப் பார்த்தான். "எனக்கு இருபத்திநாலேமுக்கால்."

இன்னாசியின் கை அப்படியே நின்றது.

"இது அவருக்குத் தைச்ச மாதிரி இல்லப்பா. எனக்குத் தைச்சிருக்க."

ஐயோ. ஐயோ ஆண்டவரே. தொழிலில் இத்தனை காலத்தில் இப்படி ஒரு தப்பு வந்ததில்லை. இன்னாசி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஜெர்கின்மேலேயே உட்கார்ந்தார். டிராயருக்குள் கிடக்கிற தடித்த பேட் ஞாபகம் வந்தது. ஒரு மனுசனின் தோளையே உருவி டிராயரில் போட்டிருக்கிறார். தன் மகனை உள்ளே வைக்க, இன்னொரு மகனின் அப்பனை வெளியே எடுத்திருக்கிறார்.

வெட்கம் வந்தால் மனுசர் தலையைக் குனிவார்கள். இன்னாசிக்கு வெட்கம் வந்தால் கோபம் வரும்.

"ஆமாடா! உனக்குத்தான் தைச்சேன்! என்ன இப்ப? செத்த மனுசன் கோட்டை ஊரு விட்டு ஊரு பார்சல் போட்டுக் கேக்குறான் ஒருத்தன். பொடி வாசம் போகக் கூடாதாம். எனக்கு ஒருத்தன் இருக்கான், கல்யாணத்துக்குக்கூட ஒரு வார்த்தை கேக்கல. எங்கிட்ட கேக்க ஆள் இல்லாமத்தான் கை தானா போய்த் தைச்சிருச்சு!"

மேலே பாத்திரச் சத்தம் நின்றது. பிலோமினா காது கொடுக்கிறாள்.

ஆல்வின் கோட்டோடேயே நின்றான். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றான். கோபப்படுவான் என்று இன்னாசி எதிர்பார்த்தார். அவன் குரல் சின்னதாகத்தான் வந்தது.

"இந்தக் கோட்டை எனக்குத் தெரியும்பா."

"எப்படித் தெரியும்?"

"என் புதுநன்மைப் பூசைக்கு வெள்ளைக் கோட் தைச்சுத் தரேன்னு சொன்ன. அளவுகூட எடுக்கல, கண்ணாலயே தெரியும்னு சொன்ன. தினம் ஸ்கூல் விட்டு வந்து இந்த மேசை ஓரமா நின்னு பாப்பேன். தினமும் இந்தப் பழுப்புக் கோட்தான் மேசைமேல இருக்கும். துரைக்கண்ணு சார் வீட்டுக் கல்யாணம், முடிச்சிட்டுத் தரேன்னு சொன்ன. கடைசியில நான் வெறும் சட்டையோட போனேன். மத்த பசங்க எல்லாம் கோட். அம்மா வேர்க்கும்டா, நல்லதாப் போச்சுன்னு சொன்னாங்க."

இன்னாசிக்கு ஞாபகம் இல்லை. துளிகூட ஞாபகம் இல்லை. துரைக்கண்ணுவின் தோள் தாழ்வு ஞாபகம் இருக்கிறது. இது இல்லை.

"தீபாவளிக்கு ஊரே உன் சட்டை போட்டுக்கும். எனக்கு மட்டும் அடுத்த நாள் வரும். கல்யாணத்துக்கும் உங்கிட்ட சொல்லிட்டு வாசலைப் பாத்துக்கிட்டு நிக்க எனக்குத் தெம்பு இல்லப்பா. அதான் போய் வாங்கிட்டேன். அந்தக் காலர் கழுத்துல நிக்கவே இல்ல, எனக்கும் தெரியும்."

இத்தனை வருஷமும் பொறாமை தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தார். இந்தப் பையன் மேசை ஓரத்தில் நின்றுகொண்டு ஊரில் உள்ள அத்தனை தோள்மேலும் பொறாமைப்பட்டிருக்கிறான்.

"சரி, கேக்கலன்னு சொல்றியே." ஆல்வின் கோட்டின் பொத்தானைக் கழற்றினான். "உங்கிட்ட என்ன இருக்கு கேக்க? துரைக்கண்ணு சாருக்கு ஒரு கோட் இருந்துச்சு, அவர் பையன் கேக்குறாரு. உனக்குன்னு ஒண்ணு தைச்சியா? அம்மா பின்னின ஸ்வெட்டரையா நான் கேக்கிறது?"

கோட்டைக் கழற்றி, மடங்காமல், ஆணியில் மாட்டினான். ஜெர்கினை எடுக்க அப்பா எழுந்திருக்கணும். அதற்காகக் காத்து நின்றான். இன்னாசி எழுந்தார்.

மறுநாள் காலை முதல் வேலையாக அந்தக் கோட்டைப் பிரித்தார். டிராயரிலிருந்து பேடை எடுத்தார். தட்டி, உப்பவைத்து, வலது தோளுக்குள் வைத்தார். இடது பக்கம் வைத்த தடிப்பை எடுத்தார். கைகளைப் பழைய மடிப்புக்கே திருப்பினார். துணி தன் பழைய தடத்தைக் கண்டுபிடித்துத் தானாக மடிந்துகொண்டது. தன் மகனை அந்தக் கோட்டிலிருந்து ஒவ்வொரு தையலாக வெளியே எடுத்தார். அப்போதும் மனசு வலிக்கத்தான் செய்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

அப்புறம் மெஷின் தையல். அப்புறம் கைத்தையல். லைனிங்கைச் சேர்த்தார், வெள்ளை நூல்களை உருவினார், ஈரத்துணி போட்டுத் தேய்த்தார். இடது பாக்கெட் பக்கம் மட்டும் இஸ்திரி படாமல் பார்த்துக்கொண்டார். சூடு பட்டால் வாசம் போய்விடும்.

சிம்லாவுக்கு அனுப்பும்போது கூடவே ஒரு துண்டுக் காகிதம் வைத்தார். "தம்பிக்கு. தோள் அப்படியே இருக்கிறது. வெட்டவில்லை, துணி எல்லாம் உள்ளே இருக்கிறது. அப்பா மாதிரி சாப்பிட்டால் பிரித்துக்கொள்ளலாம். இன்னாசி."

ஆணி காலியாக இருந்தது. வெளிச்சம் வந்து சுவரில் இறங்கியது.

அடுத்த ஞாயிறு ஆல்வின் வந்தபோது மேசையில் நீலத் துணி விரித்திருந்தது. அந்துருண்டை வாசம் கடை முழுக்க. ஆல்வின் பார்த்தான். அந்தத் துணி அவனுக்கென்று வாங்கினது என்று அவனுக்கும் தெரியும்.

"நில்லு, அளவு எடுக்கிறேன்," என்றார் இன்னாசி. "எல்லாத்தையும் நிப்பாட்டிட்டேன். முதல்ல உனக்கு."

ஆல்வின் நிற்கவில்லை. அவர் கழுத்தில் தொங்கின டேப்பை எடுத்தான்.

"நீ நில்லு."

"எனக்கு எதுக்குடா கோட்?"

"நீ நில்லுப்பா. இதுல உனக்குத் தை. பெரிசாவே தை. அப்புறமா நான் கேட்டுக்கிறேன்."

இன்னாசி நின்றார். கண்ணாடி முன்னால் எத்தனையோ பேரை நிறுத்தியவர், தான் நிற்கத் தெரியாமல் நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆல்வின் தப்புத்தப்பாக டேப்பைப் பிடித்தான். மேலே பிலோமினா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு.

மார்பு. இடுப்பு. "ஊதாதப்பா வயித்தை, சும்மா விடு." அப்புறம் தோள்.

ஆல்வின் டேப்பை அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான். தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"அப்பா, உனக்கு இடது தோள் தாழ்ந்திருக்கே."

"இருக்காதுடா. சரியாப் பிடி."

"ஒரு விரல். நல்லாத் தெரியுது. யாரும் சொன்னதில்லையா?"

யார் சொல்வார்கள்? யார் அளந்தார்கள் அவரை? இன்னாசி கண்ணாடியில் பார்த்தார். ஸ்வெட்டருக்குள் ஒளிந்திருந்த தோள். ஒரு விரல் தாழ்ந்த இடது தோள். அதன் பக்கத்திலேயே, டேப்போடு குனிந்து நிற்கிற மகனின் தோள். அதுவும் இடது. அதுவும் ஒரு விரல்.

மாமன் வழியாம், மண்ணாங்கட்டி.

அவர் தன் இடது தோளைக் கையால் தொட்டுப் பார்த்தார். ஆல்வின் கவனிக்கவில்லை. பேப்பரில் நம்பரை எழுதிக்கொண்டிருந்தான்.

இன்னாசி தனக்குத் தைத்தார். முதல் தடவையாக. விலாவில் தாராளமாகத் துணி விட்டார். முதுகு நடுத் தையலில் விட்டார். கையின் அடிமடிப்பில் முக்கால் அங்குலம் உள்ளே விட்டார், நீளமான கைக்காரன் ஒருத்தனுக்காக. இடது தோளுக்குள் தடித்த பேட் வைத்தார்.

தையல் எல்லாம் நெருக்கமாக, சுத்தமாக, பிரிக்கும்போது துணி கிழியாதபடி பார்த்துப் பார்த்துப் போட்டார். ஒருநாள் யாரோ ஒருத்தன் இதைப் பிரிப்பான். எந்த ஊர் டெய்லரோ. லைனிங்கை விலக்கி உள்ளே பார்ப்பான். என் மகனை நிறுத்தி, கையைப் பின்னால் நீட்டச் சொல்லி, இதை அவன்மேல் ஏற்றுவான். இரண்டு கையையும் அவன் தோள்மேல் வைப்பான்.

அந்த டெய்லர்மேல் இன்னாசிக்கு இப்போதே பொறாமையாக இருக்கிறது.

ஆணியில் ஒரு கோட் தொங்குகிறது. நீல நிறம். மழை விட்டுவிட்டது. சன்னல் வழியாக வருகிற வெயில் முதலில் அதன் தோளில் இறங்குகிறது. அப்புறம்தான் கடைக்குள் வருகிறது.